லிப்ட் கதவில் வேப்பிலை

எங்கள் காட்டுப்பள்ளிக் குப்பத்தில் ஒரு வீட்டில் அம்மை கண்டால், அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலை ஏறிவிடும். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கும். அதைப் பார்த்ததுமே அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போவதில்லை. மீன் கூடையோடு வருகிறவள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவாள். உள்ளே யாருக்கு, எத்தனை நாளாக என்று கேட்பதும் கிடையாது. அந்த வேப்பிலைதான் அக்கம்பக்கத்துக்கு அந்த வீட்டார் எழுதும் கடிதம் என்பது, எனக்கே ஒரு கடிதம் எழுத வேண்டி வந்த பிறகுதான் புரிந்தது.

என் அக்கா மகனுக்கு எட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை, சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும், ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து போக வேண்டும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?” காட்டுப்பள்ளியிலிருந்து மீஞ்சூர் வந்து ரயில் பிடிக்க வேண்டும். துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் அந்தச் சாலையில் எதையும் கணக்கிட முடியாது. அவர் தலையசைத்து, இந்த மருந்து போகிற பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் உடனே கிளம்பி வரவேண்டும் என்றார். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. காய்ச்சல் அடங்கியதுபோல் தெரியும், உள்ளே கிருமி ரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கும். அதனால் அக்கா வீட்டுக்காரர் வலையோடு ஊரிலேயே இருக்க, அக்காவும் பையனும் நானும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குக் குடி வந்தோம்.

பழைய கட்டடம். லிப்டின் வெளிக்கதவைக் கையால் இழுத்துத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு தகட்டில் 4 பேர், 272 கிலோ என்று பொறித்திருக்கும். நான்கு பேர் ஏறினால் ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படும். படியில் போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பையனுக்கு வாரா வாரம் ஏறிய ஊசிமருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது நரம்பைத் தொட்டுக் காலைத் தளர்த்தும். நடக்கையில் பாதத்தின் முன்பகுதி தூக்காமல் தொங்கி, படி விளிம்பில் இடறும். ரத்தத்தட்டு குறைந்திருக்கிற பிள்ளை அப்படி விழுந்தால், அடிபட்ட இடத்தில் ரத்தம் எளிதில் உறையாது.

அந்த மருந்தை முதலில் எடுத்தது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து என்று நர்ஸ் ஒருவர் சொன்னபோது அக்கா அதிர்ந்துபோனாள். எங்கள் கடற்கரை மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் செடி அது. சுடுகாட்டு மல்லி என்று அதற்கு இன்னொரு பெயரும் இருப்பதால் அம்மா வீட்டு வாசலில் அதை வளர விட்டதில்லை. அன்றிலிருந்து அக்கா அந்தப் பூவைப் பார்த்தால் கும்பிடுகிறாள்.

லிப்டில் குறிப்பு ஒட்டச் சொன்னதும் அந்த நர்ஸ்தான். முதல் மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். மொத்த வெள்ளை அணுக்கள் 1,100. அதில் நியூட்ரோபில் 20 சதவீதம். அப்படியானால் கிருமியை எதிர்த்து முதலில் நிற்கிற அணுக்கள் 220தான். 500க்குக் கீழே போனாலே ஆபத்து. “இவன் இப்ப வேலியில்லாத தோட்டம் மாதிரி. யாருக்கு உடம்பு சரியில்லன்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்கு இவன் இருக்கான்னு அவங்களுக்கு முதல்ல தெரியணும்” என்றார்.

அன்றிரவு நான் எழுதிய முதல் குறிப்பு ஒரு பக்கம் நீண்டது. எல்லா வரியிலும் மன்னிப்பு. நோயின் பெயர் மட்டும் இல்லை. பையனே எழுத்துக்கூட்டி வாசிப்பான் என்பதால் அக்கா வேண்டாம் என்றாள். ஒட்டிய மூன்றாம் நாளே, மூன்றாவது மாடியில் டிபி என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பால் போடுகிறவர் பாக்கெட்டைக் கீழேயே வைத்துவிட்டுப் போனார். சொல்லாமல் விட்ட பெயரின் இடத்தில் அவரவர் பயத்தை எழுதிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, குறிப்பு அப்படி இருந்தது. கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். இந்த முறை பையனையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதினோம்.

“அன்புள்ள அண்டை வீட்டாருக்கு, வணக்கம். மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் பையன் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறான். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அவனால் உங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் வராது. ஆனால் மருந்தால் அவன் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால், நமக்குச் சாதாரணமாக வந்துபோகிற சளி, காய்ச்சல், அம்மை அவனுக்குப் பெரிய ஆபத்தாகலாம். படியேற முடியாததால் லிப்டில்தான் வருவான். உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ இருமல், காய்ச்சல் இருந்தால் அவன் இருக்கும் நேரம் மட்டும் அடுத்த நடைக்குக் காத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் முதலில் ஏறியிருந்தால் நாங்கள் காத்திருக்கிறோம். லிப்ட் மின்விசிறியை நிறுத்த வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் தயவுசெய்து அன்றே எங்களிடம் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம்.”

‘அன்றே’ என்பதற்குக் கீழே கோடு போட்டது பையன்தான். பழவேற்காட்டு ஏரியில் பாடுமுறை உண்டு. இன்ன நாள் இன்னாருக்கு இந்த இடம் என்று வலை போட முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். லிப்டுக்கும் அதுபோல நடந்தது. காலை ஏழரைக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது, யாரும் ஏற்பாடு செய்யாமலே லிப்ட் காலியாக மூன்றாவது மாடியில் வந்து நிற்க ஆரம்பித்தது. பால் பாக்கெட்டும் மேலே வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி லிப்டில் ஏறும்போது முதல் மாடி ஆயாவும் அவர் பேரனும் உள்ளே இருந்தார்கள். ஆயா இறங்கப் பார்த்தார். “இருமல், காய்ச்சல் ஒண்ணும் இல்லப்பா இவனுக்கு” என்றார். நானும் ஏறச் சொன்னேன். முதல் மாடியைத் தொடும் முன்பே கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது. இருட்டில் இரண்டு பையன்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கதை பேசினார்கள். வாட்ச்மேன் மேலே போய்க் கையால் சுற்றி இறக்கிவிட இருபது நிமிஷம் ஆனது.

திங்கட்கிழமை மாலை கடைக்குப் போய்விட்டு வந்தால், தரைத்தளத்தில் லிப்ட் கதவின் கைப்பிடியில் ஒரு கொத்து வேப்பிலை, மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தது. எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. படியேறி வந்தால் ஆயா எங்கள் வாசலுக்கு ஆறடி தள்ளி நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. “பேரனுக்குத் தாய் வந்திருக்காப்பா. காலைல குளிப்பாட்டும்போதுதான் முதுகுல முத்து பார்த்தேன். எங்க வழக்கத்துல இதை வெளிய சொல்றதில்ல. நீ எழுதியிருந்தியே, அதான் வந்தேன்.”

சின்னம்மைக் கொப்புளம் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மூச்சில் பரவ ஆரம்பித்துவிடும். திங்கள் கொப்புளம் என்றால் சனிக்கிழமையும் கணக்கில் சேரும். இருமலும் காய்ச்சலும் இல்லாத பிள்ளையிடமிருந்து அது வரும் என்பதை எங்கள் குறிப்பால் முன்கூட்டிச் சொல்ல முடியாது, தடுக்கவும் முடியாது. ஆயா வாய் திறந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அரசு போடுகிற தடுப்பூசிப் பட்டியலில் தட்டம்மை உண்டு, சின்னம்மை இல்லை. எங்கள் பையனுக்கு அது போட்டதே இல்லை, சின்னம்மை வந்ததும் இல்லை. இப்போது போடலாமா என்றால், அது உயிருள்ள கிருமியை நலிவாக்கிச் செய்த தடுப்பூசி, இந்த மருந்து போகிற பிள்ளைக்குப் போடக் கூடாது. போட வேண்டியது அவனைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு.

செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னதும் டாக்டர் மணிக்கணக்குப் போட்டார். சனி மாலையிலிருந்து 96 மணி நேரத்துக்குள்தான் வந்திருந்தோம். பிறர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருளைச் சில மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றினார்கள். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் சின்னம்மை தோலோடு நிற்காது, நுரையீரலுக்கும் ஈரலுக்கும் இறங்கிவிடும். பிறகு அவர் சொன்னதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. “எட்டாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரைக்கும் இவனுக்கு எப்ப வேணும்னாலும் வரலாம். அதுவரை இவனை மத்த பிள்ளைங்ககிட்ட விடாதீங்க. வார்டுக்கு வரும்போதும் முன்னாடியே சொல்லுங்க, தனியா உட்கார வைக்கிறோம்.” சாதாரணமாக இருபத்தோரு நாள்தான். அந்த ஊசி நோயைத் தள்ளிப்போடவும் செய்யும் என்பதால் ஒரு வாரம் கூடுதல்.

அவனால் உங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் வராது என்று எழுதியிருந்தேன். எழுதியபோது அது உண்மை. இனி இருபத்தெட்டாம் நாள் முடியும்வரை உண்மையில்லை. இரண்டாவது மாடியில் ஒரு பெண் ஆறு மாதக் கர்ப்பம். அவளுக்குச் சின்னம்மை வந்தால் அவளுக்கும் ஆபத்து. இரவோடு இரவாகப் பழைய தாளை எடுத்துவிட்டு, புதிதாக ஒட்டினேன்.

“எங்கள் பையன் சின்னம்மை வந்தவர் அருகில் இருந்திருக்கிறான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் வருகிற ஞாயிறு முதல் மூன்று வாரம் அவனிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவ வாய்ப்பு உண்டு. அதனால் அந்த நாட்களில் அவன் லிப்டில் வரமாட்டான். சின்னம்மை இதுவரை வராதவர்கள், கர்ப்பிணிகள் அவன் அருகில் வர வேண்டாம். படியில் அவனைத் தூக்கி வரும்போது சற்று வழி விட்டு நிற்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

யாரிடமிருந்து என்று எழுதவில்லை. ஆயா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தாள் முன்னால் நின்றிருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

அக்கா வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டார். பையனைத் தோளில் போட்டு மூன்று மாடி ஏறுவதும் இறங்குவதும் அவர் வேலை. ஒவ்வொரு நாள் காலையிலும் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முதுகு, வயிறு, காது மடலின் பின்புறம், தலைமுடி இல்லாத மண்டை எல்லாம் பார்ப்பாள். கொசுக்கடி ஒன்று சிவந்து நின்றதற்கே ஒரு நாள் முழுக்க யாரும் சாப்பிடவில்லை. ஆயா வீட்டில் மூன்றாவது தண்ணீர் ஊற்றி முடித்து, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான்.

இருபத்தெட்டாம் நாள் மறுபடியும் ஒரு சனிக்கிழமை. ஒரு முத்தும் எழவில்லை. ஞாயிறு காலை தாளை எடுக்கக் கீழே போனேன். கைப்பிடியில் வேப்பிலை காய்ந்து சருகாகி, கயிறு மட்டும் மஞ்சள் மாறாமல் இருந்தது. அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. பையன் கதவை இழுத்துப் பிடித்தபடி நின்று, “மாமா, முதல் மாடியில நிறுத்து” என்றான்.