தாடைக்கடியில் ஒரு கைக்குட்டை

குட்டிக்கரணத்தில் தலைக்கு வேலையே இல்லை. இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. தலையை ஊன்றித்தான் உருளவேண்டும் என்று நினைக்கிறோம். சிறுவயதில் பள்ளித் திடலில் நாம் உருண்டதும் அப்படித்தான். உச்சந்தலை தரையில் பட்டால் உடம்பின் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, தோளின் பின்புறத்தால் தரையைத் தொட்டு உருள்வதுதான் கரணம். பின்தலை மெத்தையை லேசாக உரசலாம், அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஆயர் தாவாரில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குச் சீருடற்பயிற்சி சொல்லித் தரும் ஓர் ஆசிரியை. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போகும் வாரங்களில் அக்கா மகளை அந்த மண்டபத்துக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் சித்தியவான் பக்கத்திலிருந்தும் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசை, கைப்பேசியில் பார்த்த கார்ட்வீலைப் போட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் கையை ஊன்றிச் சக்கரம்போலச் சுழல்வது. ஆனால் டீச்சரிடம் சேரும் பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் சக்கரம் கிடையாது.

முதல் வாரம் கரணம்கூடக் கிடையாது. மெத்தையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகில் முன்னும் பின்னும் ஆடவேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் மடித்த கைக்குட்டை. ஆடும்போது அது விழக்கூடாது. சும்மா விளையாட்டுபோலத் தெரியும். கைக்குட்டை விழுந்தால் தாடை விலகியிருக்கிறது, தாடை விலகினால் கழுத்து நீள்கிறது, உருளும்போது முதலில் தரையைத் தொடப்போவது உச்சந்தலைதான். பத்து முறை ஆடியும் கைக்குட்டை விழாத பிள்ளைதான் அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது கரடி நடை. கையும் காலும் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பது. கை எடையைத் தாங்கப் பழகுகிறது. மூன்றாவதாகச் சரிவு. பள்ளியில் இரவல் வாங்கிய ஸ்பிரிங் போர்டை மெத்தைக்கு அடியில் தள்ளுவார். உயரமான முனை ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். பிள்ளை மேல்முனையில் குந்தி, கையைச் சரிவில் வைத்து, தன் தொப்புளைப் பார்த்தபடி இடுப்பைத் தூக்கினால் போதும், சரிவு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. சமதரையில் காலால் உந்தத் தெரியாத பிள்ளை பாதியில் நின்றுபோய்த் தலைமேல் உட்கார்ந்துவிடும். சரிவில் அந்தச் சிக்கல் குறைவு. டீச்சர் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையைப் பின்தலையில் வைத்துத் தாடை உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொள்வார், மறுகையால் தொடையைத் தூக்கிக் கொடுப்பார். கழுத்தை அழுத்தித் தள்ளவே மாட்டார்.

கடைசியில்தான் சமதரை. உருண்டதும் கையை ஊன்றாமல், குதிகாலை இடுப்புக்கு அருகே இழுத்து, இரு கையையும் முன்னால் நீட்டி எழுந்து நிற்கவேண்டும்.

நான் வானொலியில் பேசிப் பிழைப்பவள். எனக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம். நல்ல கரணம் மெத்தையில் பாய் சுருட்டுகிற சத்தம்போல ஓடும். நடுவில் 'தொப்' என்று கேட்டால், முதுகு வளைவு பிரிந்து பலகையாக விழுந்திருக்கிறது. தொடக்கத்திலேயே 'டக்' என்று கேட்டால் தலை. அந்தச் சத்தம் வந்ததும் டீச்சர் அந்தப் பிள்ளையைத் திரும்பச் சரிவுக்கே அனுப்புவார்.

வீட்டில் கட்டில் மெத்தையில் பழகவிடும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். மென்மையான மெத்தையில் கை புதைந்துபோகும், உந்தமுடியாது, தலையும் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் சுழலும். மண்டபத்தில் இருப்பது அழுத்தினால் லேசாகத்தான் அமுங்கும் மடிப்பு மெத்தை.

போன ஆண்டு ஒரு பையன் வந்தான், ஒன்பது வயது. வீட்டு முற்றத்திலேயே சக்கரம் போடுகிறவன். அம்மாவுக்குப் பெருமை. "நல்லாவே போடுறான் டீச்சர், நேரா அதுக்கே விட்டுடுங்களேன்" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "மூணு குட்டிக்கரணம் போட்டுக் காட்டட்டும்மா" என்றார்.

போட்டான். மூன்று முறையும் வலப்பக்கமாகச் சாய்ந்து மெத்தையைவிட்டு வெளியே போனான். மெத்தையின் நடுவே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, டீச்சர் எதிரே போய்க் குந்தினார். இடது கை நேராக நின்றது. வலது முழங்கை மட்டும் எடை விழுந்ததுமே மடங்கியது. வலது தோள் முந்தி இறங்கியது. "கையில ஏதாவது அடிபட்டிருக்காம்மா?" என்று கேட்டார்.

பட்டிருந்தது. ஆறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து, கையை ஊன்றி, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் முறிவுதான் அது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் இரு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னபோது வலது கை கடைசி வரை நிமிரவில்லை. வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை. எழுதுவதற்கோ சாப்பிடுவதற்கோ முழங்கை முழுதாக நிமிரவேண்டியதில்லையே.

கரணத்தை ஏன் முதலில் வைக்கிறார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. கரணத்தில் எடை இரண்டு கைக்கும் பங்காகப் போகிறது; ஒன்று மடங்கினால் பிள்ளை தரையோடு தரையாகச் சாய்கிறான், அவ்வளவே. சக்கரத்தில் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. ஒரு நொடி ஒரே கை முழு உடம்பையும் சுமக்கிறது, அதுவும் கால்கள் மேலே இருக்கும்போது. முற்றத்தில் அவன் எப்போதும் இடது கையை முதலில் வைத்ததால் வலக்கையின் முறை வருவதற்குள் வேகம் அவனைத் தூக்கிப் போயிருக்கிறது. மெதுவாகப் போடச் சொன்னதும் வலக்கை மடங்கியது. இன்னொரு காரணமும் உண்டு. சக்கரம் பாதியில் குலைந்தால் தாடையை உள்ளிழுத்து உருண்டு தப்பத் தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் விழும் பிள்ளை மறுபடியும் கையைத்தான் ஊன்றும். கரணம் தப்பினால் மரணம் என்று பயமுறுத்தியே பழகிவிட்டோம். தப்பும்போது என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி கொடுத்தார். மண்டபத்தில் அவனுக்குக் கரடி நடையும் சரிவும் மட்டும். முகம் சுருங்கித்தான் இருந்தான்.

மருத்துவரைக் கேட்காமல் டீச்சர் உருளவிடாத பிள்ளைகள் வேறு சிலரும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்வாக இருக்கும். தலையைக் கவிழ்த்து உருள்வது தண்டுவடத்துக்கே ஆபத்து. அப்படி ஒரு சிறுமி வருகிறாள். கையை நீட்டிப் படுத்து மரக்கட்டைபோலப் பக்கவாட்டில் உருள்வது அவளுக்கு. அதில் அவளை யாரும் முந்தியதில்லை.

அந்தப் பையன் கோட்டைவிட்டு விலகாமல் உருள இரண்டு மாதம் ஆனது. முழங்கை இன்றும் முழுதாக நிமிரவில்லை, ஆனால் எடையைத் தாங்குகிறது. மருத்துவரும் சரி என்றார். பிறகுதான் சக்கரத்தின் முதல் படி. தரையில் ஒரு கயிறு, அதன் ஒரு பக்கம் நின்று, கைகளை மெத்தையில் ஊன்றி, கால்களை மறுபக்கம் தாண்டிப் போடவேண்டும். இடுப்பு தோள் உயரத்துக்குக்கூடப் போகவேண்டாம். டீச்சர் எப்போதும் பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று இடுப்பைப் பிடிப்பார். முன்னால் நின்றால் முகத்தில் உதைதான். கை, கை, கால், கால் என்று நான்கு சத்தமும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். இரண்டு கையும் சேர்ந்து 'தொப்' என்றால் அவன் சுழலவில்லை, குதித்திருக்கிறான்.

சென்ற சனிக்கிழமை நான் கண்ணை மூடிக் கேட்டேன். மூன்று சத்தம் தனித்தனியாக வந்தது. கால்கள் இரண்டும் இன்னும் ஒன்றாகத்தான் விழுகின்றன.