அந்த வாக்கியத்தை எங்கே வைப்பது?

நம்மிடம் வரும் தன் அனுபவக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்குகின்றன. முதல் பத்தியில் சாதி என்றால் என்ன என்ற விளக்கம். இரண்டாவதில் சட்டம். மூன்றாவதில்தான் நடந்த சம்பவம், அதுவும் ஆறே வரியில். இன்று நாம் அறிந்ததை முதலிலேயே சொல்லிவிட்டால், அன்று நடந்தது வெறும் உதாரணமாகச் சுருங்கிவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர் இதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். 1930களில் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வின் முதல் பகுதி 1901இல் நடந்தது. அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் ரயிலேறி மசூரில் இறங்குகிறார்கள். புதுச்சட்டை போட்ட உற்சாகம், அழைத்துப்போக யாரும் வராத தவிப்பு, சாதியைக் கேட்டதும் மாறும் நிலைய அதிகாரியின் முகம். இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் முதலில் அவர்களோடு உட்காரவில்லை. பிள்ளைகளே ஓட்ட, அவர் நடந்து வருகிறார். கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காத இரவு. அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேராதது ஏன் என்பது எழுதும்போது அவருக்குத் தெரியும். வேலைக்காரர் கொடுக்கத் தவறிவிட்டார். ஆனால் அதை முன்கூட்டியே சொல்வதில்லை. வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கும் தெரிகிறது. பள்ளியில் தனிக் கோணியில் உட்கார்ந்தது, குழாயைத் தானே தொட முடியாதது எல்லாம் அந்தப் பயணத்துக்கு முந்தியவை. அவற்றையும் பயணம் முடிந்த பிறகே வைக்கிறார். அதுவரை வழக்கமாக இருந்தது, அந்த இரவுக்குப் பின் கேள்வியாகிறது. வரிசை அதனால்தான் அப்படி.

போன மாதம் கல்லூரித் தங்கை ஒருத்தி கொண்டுவந்த வரைவை இதை மனதில் வைத்துப் படித்தோம். ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை. "எட்டு வயதில் எங்கள் மீது தீண்டாமை ஏவப்பட்டது" என்று எழுதியிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'தீண்டாமை' என்ற சொல் ஏது? அன்று என்ன பார்த்தாய் என்று கேட்டோம். கடைக்காரரின் பையன் அப்பாவை "வாடா" என்றானாம். அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். அப்பா தனியாகத் தொங்கிய அலுமினிய டம்ளரை எடுத்துக் கழுவி நீட்டினார். இவளுக்கு டீ வாங்கித் தரவில்லை. "சூடா இருக்கும் பாப்பா, வீட்ல போய்க் குடிக்கலாம்" என்றார். அப்பாவிடம் காசு இல்லை போல என்று நினைத்துக்கொண்டாளாம். இது எதுவும் வரைவில் இல்லை.

பிறகு எப்போது புரிந்தது என்று கேட்டோம். கல்லூரி முதலாண்டு விடுமுறையில் அம்மா சொன்னாராம், பிள்ளை கையில் அந்த டம்ளர் படக்கூடாது என்றுதான் அப்பா வாங்கித் தரவில்லை என்று. ஆக இந்தக் கட்டுரையில் காலம் மூன்று: நடந்த நாள், தெரிந்த நாள், எழுதும் நாள். நடுவில் உள்ளதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். "பிற்காலத்தில் உணர்ந்தேன்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அந்த நாளுக்கும் ஒரு திண்ணை உண்டு, பேசிய ஆள் உண்டு. அதையும் காட்சியாகவே எழுதச் சொன்னோம்.

இரண்டு நிறப் பேனா எடுத்து, அன்று தெரிந்த வாக்கியங்களுக்கு நீலக்கோடும் இன்று தெரிபவற்றுக்குச் சிவப்பும் போட்டாள். சிவப்பை மறைத்துவிட்டுப் படித்தால் சம்பவம் தானே நிற்க வேண்டும். நீலத்தை மறைத்துப் படித்தால் சிவப்பு தடுமாற வேண்டும். தடுமாறாமல் நின்றால் அது யார் கட்டுரையிலும் ஒட்டக்கூடிய முழக்கம். அப்படி நின்ற இரண்டு பத்தி போயிற்று. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய வரி மட்டும் தங்கியது, அம்மா பேசி முடித்த இடத்துக்குப் பிறகு. அங்கே அது விளக்கமாக இல்லை. சட்டம் இருந்தும் தொங்கிய டம்ளர் என்ற கோபமாக இருந்தது. காலம் மாறும் இடங்களில் "நினைவுகள் பின்னோக்கி ஓடின" என்பதெல்லாம் சினிமாவுக்கு ஆகும். இங்கே அந்த டம்ளரே போதுமான பாலம்: அம்மாவின் பேச்சில் அது வந்ததும் வாசகர் கடைக்குப் போய்விடுகிறார்.

"வாடா"வை அச்சில் விடலாமா என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அப்பாவை மரியாதையாகவே எழுதிய கட்டுரையில் அந்த ஒரு சொல் அறைகிறது, விட வேண்டும் என்றோம் நாங்கள். அவர் படிப்பாரே என்றாள் அவள். அவரிடமே கொடுத்தாள். "வாடா"வை அவர் தொடவில்லை. டம்ளர் கடைத் தூணில் தொங்கியது என்று எழுதியிருந்ததை மட்டும் திருத்தினார். தூணில் இல்லையாம், வெளியே வேப்பமரத்து ஆணியில்.