பட்டாணி உரித்த சாயங்காலம்



நேற்று பேத்தியும் நானும் ஒரு கிலோ பச்சைப் பட்டாணி உரித்தோம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை நினைத்து அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"எதுவுமே வராதோன்னு பயமா இருக்கு பாட்டி."

"எல்லாக் காயிலயும் புழு இருக்காதும்மா. தோல்ல துளை இருக்கறதை மட்டும் தனியா வை. அதைக் கவனமா உரிப்போம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ முக்கோணவியலும் வடிவியலும்தான் துளை."

"நாளைக்கு அந்த ரெண்டை மட்டும் போட்டுப் பாரு."

"உங்களுக்குக் கவலையே இல்லையா பாட்டி?"

"திங்கட்கிழமை கண் ஆபரேஷன்" என்றேன். பயமென்று அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"நான் கூட வரேன்" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

உரித்து முடித்தபோது அரைக் கிலோ பட்டாணிகூடத் தேறவில்லை. துளை விழுந்த காய்கள் நாலே நாலு.