தொக்கு துளைத்த தாள்

ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி வாங்கினால், புளியிட்ட கத்தரிக்காய்த் தொக்கும் உடன் வரும். ஓரிரவு, மீந்த தொக்கை எவர்சில்வர் கிண்ணத்திலிட்டு, பிரியாணி சுற்றி வந்த அலுமினியத் தாளாலேயே அழுத்தி மூடி, குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால், தொக்கு பட்ட இடமெல்லாம் ஊசி குத்தியதுபோல் துளைகள். சுற்றிலும் சாம்பல் நிறக் கறை. தொக்குப் படாத ஓரமோ பளபளவென்றிருந்தது.

தோல் பதனிடும் ஆலையில் பணிபுரிந்த என் தந்தை வியக்கவில்லை. “குரோமியம் ஏற்றுமுன் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைக்கிறோமே, தோலையே மாற்றுவது இந்தத் தாளை விடுமா?” என்றார்.

அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானே படியும் மெல்லிய ஆக்சைடு படலம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கும். உப்பு அதற்குத் துணைபோகும். என் கிண்ணத்தில் இன்னொன்றும் நேர்ந்தது. எவர்சில்வரும் அலுமினியமும் உப்புநீரால் இணைந்து ஒரு சிறு மின்கலமாகிவிட்டன; கரைந்தது அலுமினியம்.

அஞ்ச வேண்டுமா? கணக்கிட்டுப் பார்த்தேன். அத்தாளின் தடிமன் 11 மைக்ரான் எனக் கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டர் முழுவதும் கரைந்தாலும் ஏறத்தாழ 3 மில்லிகிராம்தான். உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2011இல் வகுத்த வரம்பின்படி, 50 கிலோ எடையுள்ளவர் வாரத்திற்கு 100 மில்லிகிராம்வரை உட்கொள்ளலாம். ஒருநாள் தொக்கு நஞ்சாகாது. நாள்தோறும் புளிச்சோற்றை அதில் கட்டுவதுதான் தவிர்க்க வேண்டிய பழக்கம்.

வெண்ணெய்த்தாளுக்கு அமிலத்தால் கேடில்லை. ஆனால் அப்பெயரில் விற்கப்படும் எல்லாத் தாளும் ஒன்றல்ல. நகத்தால் சுரண்டும்போது வெண்துகள் உதிர்ந்தால் அது மெழுகு பூசிய தாள். கொதிக்கும் சோற்றின் சூட்டில் அம்மெழுகு உருகும்.

வாழையிலையை அனலில் வாட்டினால் துவளும். நரம்பு வழியே கிழியாமல் மடியும். சூடும் புளிப்பும் பட்டால் இலை பழுப்பாகும். அது பச்சையத்திலுள்ள மக்னீசியம் நீங்குவதால் வரும் நிறமாற்றமே, கெடுதல் அன்று. கட்டுமுன் இலையைக் கழுவித் துடைக்க வேண்டும், அவ்வளவே.

எதில் கட்டினாலும் பொழுது முக்கியம். சமைத்த சோற்றிலும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் பிழைத்திருக்கும். சூடு 60 பாகைக்குக் கீழிறங்கியதும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். அலுமினியப் பொட்டலம் ஆவியை அடைத்து வைப்பதால், வெதுவெதுப்பும் ஈரமும் அங்கே நெடுநேரம் நிற்கும். இரண்டு மணி நேரத்திற்குள் உண்பதே நன்று.

இப்போது எங்கள் வீட்டுப் பொட்டலத்தில் சோற்றை ஒட்டி வாழையிலை, அதன்மேல் அலுமினியத் தாள். தொக்கு மட்டும் மூடியிட்ட தனிக் கிண்ணத்தில் போகிறது.