விதை முழுவதும் விதைத்தாகிவிட்டது, ஆதாரத்துக்கு எங்கே போவது?

மம்சாபுரத்து விவசாயி ஒருவர் இரண்டு ஏக்கருக்காக 30 கிலோ நெல் விதை மூட்டை இரண்டு வாங்கினார். முளைப்பில் குறையில்லை, பயிரும் நன்றாகத் தூர் கட்டியது. கதிர் வெளிவரும் நேரத்தில்தான் கோளாறு தெரிந்தது. வயலில் பாதி பூட்டையிலேயே நிற்க, ஊடே ஊடே உயரமான தூர்கள் கதிர் தள்ளி மணி பிடித்திருந்தன. அறுவடைக்கு முன்பே அவற்றின் நெல் உதிர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைக்குப் போனார். "விதை நல்ல விதைதான் அண்ணாச்சி. தண்ணி விட்டதுலயோ உரம் போட்டதுலயோ ஏதோ வித்தியாசம் வந்திருக்கும்" என்றார் கடைக்காரர். விதையில் ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லையே, எதைக் கொண்டு நிரூபிப்பது என்று அவர் வீடு திரும்பினார்.

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்திடம் வாங்கிய விதை பொய்த்ததாக நுகர்வோர் மன்றங்களில் வழக்குத் தொடர்ந்தார்கள். கழகம் மூன்று தடைகளைச் சொன்னது. விளைச்சலை விற்பவர் நுகர்வோர் அல்ல. விதைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஆய்வகப் பரிசோதனை நடக்கவில்லை. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மூன்றையும் ஏற்க மறுத்தது. பிழைப்புக்காகப் பயிர் செய்பவர் நுகர்வோர்தான். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் தவறு செய்தவருக்குத் தண்டனை தருமே தவிர, விவசாயிக்கு நஷ்ட ஈடு தராது. வாங்கிய விதை முழுவதையும் விதைப்பதே விவசாயியின் வழக்கம், வழக்கு வரும் என்று யாரும் எடுத்து வைப்பதில்லை. சந்தேகம் இருந்தால் அதே குவியலின் விதையைப் பரிசோதிக்கும்படி விற்றவரே கேட்டிருக்கலாம் என்றது தீர்ப்பு.

ஆகவே விதை மிச்சமில்லை என்பதால் வழக்கு விழுந்துவிடாது. ஆனால் இன்ன குவியல் விதையை வாங்கினோம் என்பதற்குச் சான்று வேண்டும். மம்சாபுரத்து விவசாயி ரசீது கேட்டு வாங்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராமல் விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனாலும் வாங்கியதை அவர்தான் காட்டியாக வேண்டும். நல்ல வேளையாக, காலி மூட்டையில் அவர் மனைவி தவிடு கொட்டி வைத்திருந்தார். வாயோரம் தைத்த அட்டை கிழியாமல் இருந்தது, குவியல் எண்ணும் தெளிவாக இருந்தது. அதே கடையில் அதே குவியல் விதையை வாங்கிய பக்கத்துக் காட்டுக்காரரிடம் ரசீதும் இருந்தது. அவர் வயலிலும் இதே கோளாறுதான்.

அடுத்தது, பயிர் நிற்கும்போதே நடக்கும் ஆய்வு. அறுத்துவிட்டால் கலப்பைக் காட்ட முடியாது. அவர் விதை ஆய்வாளருக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் எழுத்தில் மனுக் கொடுத்தார். ஆய்வு நாளைக் கடைக்காரருக்கும் விதை நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் தெரிவித்தார். எதிர்த் தரப்புக்குச் சொல்லாமல் எடுத்த அறிக்கையை எளிதில் மறுத்துவிடுவார்கள். வயலில் பல இடங்களில் எண்ணிப் பார்த்ததில் நூறு தூருக்குப் பதினைந்துக்கு மேல் கலவன் இருந்தது.

இந்த எண்ணிக்கைதான் முக்கியம். விளைச்சல் குறைந்தது என்பது மட்டும் விதைக் குறைபாட்டுக்குச் சான்றாகாது. முளைப்பு குறையவும் பயிர் வாடவும் உப்பு நீர், வறட்சி, விதைத்த ஆழம் என்று பல காரணங்கள் உண்டு. அதைப் பிரித்துச் சொல்லாத அறிக்கையை நம்பிப் போன விவசாயிகள் மேல்முறையீட்டில் தோற்றிருக்கிறார்கள். ஒரே வயலில், ஒரே நாளில் நட்ட பயிரில் இரண்டு உயரமும் இரண்டு பூக்கும் காலமும் தெரிந்தால் அது தண்ணீரின் குற்றமல்ல, ரகக் கலப்பு.

நஷ்டத்தையும் கணக்காகவே காட்ட வேண்டும். அதே ரகத்தை வேறு குவியலிலிருந்து நட்ட வயலில் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டை 30 கண்டது. இவருக்கு 18தான். இரண்டு ஏக்கருக்கு 24 மூட்டை, அதாவது 1,800 கிலோ குறைவு. கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 36,000 ரூபாய். விற்ற நெல்லுக்கான சீட்டுகளை இதற்கென்றே எடுத்து வைத்தார்.

விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் மம்சாபுரத்தாருக்கு அலைச்சல் குறைவு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் நஷ்டத்தைப் பார்த்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையைப் பார்த்து. விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். விதை விலை, விளைச்சல் நஷ்டம், வழக்குச் செலவு மூன்றையும் கேட்கலாம்.

மம்சாபுரத்துக்காரர் புகாருக்கு முன் கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் தவணை வைத்து நோட்டீஸ் அனுப்பினார். அட்டையின் நகலும் ஆய்வறிக்கையும் கூடவே போயின. பன்னிரண்டாம் நாள் கம்பெனி ஆள் வீடு தேடி வந்தார். 30,000 ரூபாய்க்குப் பேசி எழுத்தில் முடித்தார்கள். இந்தப் பட்டத்துக்கு விதை வாங்கியபோது அவர் ரசீதில் ரகம், குவியல் எண் இரண்டையும் எழுதச் சொல்லிவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்.