"டீச்சர், உங்க இதயம் இங்கிலீஷ்ல கத்துது"

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதயம் பாடத்துக்கு இரண்டு இரவு உட்கார்ந்து பவர்பாயிண்ட் ஸ்லைடு தயாரித்தேன். நீலப் பின்னணி, சிவப்பு எழுத்து, நடுவில் பெரிய படம். எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

வகுப்பில் பார்வையில்லாத ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். மடிக்கணினியில் NVDA என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்திருக்கிறான். திரையில் உள்ளதை அது குரலாக வாசிக்கும். கோப்பைப் பென் டிரைவில் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து, "டீச்சர், உங்க இதயம் இங்கிலீஷ்ல கத்துது" என்றான். காதில் கருவியை மாட்டிக் கேட்டேன். "ஜாக்" என்று ஏதோ சொல்லிவிட்டு, "Picture 3" என்று முடித்துக்கொண்டது.

காரணம் பாமினி எழுத்துரு. முப்பது வருடப் பழக்கம். பாமினியில் "இதயம்" என்று நம் கண்ணுக்குத் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது `,jak;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதை வாசிக்கிறது, பாவம் அது என்ன செய்யும்? உங்கள் பழைய கோப்பு எப்படி என்று தெரிய வேண்டுமா? எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை Arial என்று மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக மாறினால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக்கிச் சிதைத்துவிடும். அதனால் வரிவரியாகச் சரிபார்த்தேன்.

அடுத்தது படம். படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் Alt Text என்று வரும். அதில் எழுதுவதைத்தான் படத்துக்குப் பதிலாக அது வாசிக்கும். நான் "இதயத்தின் படம்" என்று எழுதினேன். "அது தலைப்புலயே இருக்கே டீச்சர், படத்துல என்ன இருக்கு?" என்றான். சரி என்று விரிவாக, "இடப்பக்கம் நீல நிறம், வலப்பக்கம் சிவப்பு நிறம்" என்று எழுதினேன். அது இன்னும் பெரிய தப்பு. இதயப் படத்தில் நம் இடப்பக்கம் தெரிவது இதயத்தின் வலது பாகம். எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடப்பக்கம் தெரிவதுபோல. பிள்ளையைக் குழப்பியதுதான் மிச்சம். நீலமும் சிவப்பும் அவனுக்கு எதைச் சொல்லும்?

அப்புறம்தான் கரும்பலகையில் குச்சி வைத்துச் சொல்வதுபோல எழுதலாமே என்று தோன்றியது. இப்படி எழுதினேன்: "இதயத்தில் நான்கு அறைகள். உடலிலிருந்து வரும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் வலது ஆரிக்கிளில் நுழைந்து, வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் இடது ஆரிக்கிளுக்கு வந்து, இடது வெண்ட்ரிக்கிள் வழியாக உடலெங்கும் போகிறது." படம் எப்படித் தெரிகிறது என்பதை விட்டு, எதைச் சொல்ல அதை வைத்தேனோ அதை மட்டும் எழுதினேன்.

இன்னொரு சங்கதி. தலைப்பைக் கடைசியாகத் தனிப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். அதனால் முதலில் படம், பிறகு கேள்விகள், கடைசியில் தலைப்பு என்று வாசித்தது. Alt+F10 அழுத்தினால் Selection Pane திறக்கும். அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசிக்கும். ஆகவே தலைப்பை அடியில் வைத்தேன். முதலிலேயே ஸ்லைடில் தலைப்புக்கென உள்ள பெட்டியில் தட்டியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

நிறத்தைப் பற்றிச் சொன்னவள் பார்வை மங்கலான ஒரு சிறுமி. நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து அவளுக்கு வெறும் அழுக்குத் திட்டாகத் தெரிந்ததாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது விதி. பெரிய எழுத்துக்கு 3 போதும். அளக்க இலவசக் கருவி உண்டு. என் அழகான ஸ்லைடுக்கு வந்தது இரண்டு சொச்சம்! வெள்ளையில் கறுப்பு என்றால் 21. அதையே வைத்துக்கொண்டேன். குழாய்களின் மேல் "ஆக்சிஜன் குறைந்தது", "ஆக்சிஜன் மிகுந்தது" என்று எழுத்திலும் போட்டேன். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைக்கும் அது உதவும்.

போன ஞாயிறு அந்தப் பையன் இரத்தம் போகும் வழியைத் தட்டுத் தடங்கலில்லாமல் சொன்னான். சொல்லிவிட்டு, "நாலு அறையும் ஒரே அளவு தடிப்பா டீச்சர்?" என்று கேட்டான். உடலெங்கும் தள்ள வேண்டியிருப்பதால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர்தான் தடிமன். படத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. மற்ற பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். நான் எழுதியதில் அது இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.