மதிய வெயில் ராத்திரிக்கு வந்து சேரும் வீடு

வடக்கனந்தலில் எங்க வீட்டுக்கு கான்கிரீட் தளம். மே மாசம் மதியத்தைவிட சாயங்காலம்தான் உள்ளே அதிகமா புழுங்கும். பாட்டி பாயைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிடுவாங்க. "வெயில்தான் போயிடுச்சே, அப்புறம் ஏன்ணா?" என்று எட்டாவது படிக்கிற தங்கச்சி கேட்டாள். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் பாஸ் பண்ணின எனக்கு சட்டென்று தமிழில் சொல்ல வரவில்லை. உங்களுக்கு வருமா?

சூரிய வெப்பம் வெற்றிடத்தைத் தாண்டியும் தளத்துக்கு வருகிறது. அது கதிர்வீச்சு. மேல்பரப்பில் விழுந்த சூடு, துகளுக்குத் துகள் கைமாறி அடிப்பரப்புக்கு இறங்குவது கடத்தல். இது மெதுவான வேலை. 5 அங்குல கான்கிரீட்டைக் கடக்க 3, 4 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்கு ஸ்டூல் மேல ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்க, சுடும்.

மூன்றாவது வெப்பச்சலனம். இதில்தான் நானும் தப்பா நினைச்சிருந்தேன். சூடான காற்று மேலேதான் ஏறும். இங்கே சூடே மேலே இருப்பதால், அந்தக் காற்று சீலிங்கை ஒட்டியே நிற்கும், தானா கீழே வராது. அப்போ பாட்டிக்கு எப்படிச் சுட்டது? சீலிங்கும் கதிர்வீசுகிறது! ஃபேன் வியர்வையை உலர்த்தும், ஆனா அந்தக் கதிர்வீச்சைத் தடுக்காது. மேலே நிற்கிற சூட்டுக் காற்றையும் கீழே இழுத்து விடும்.

அதனால சூடு நுழையும் இடத்திலேயே கை வைத்தோம். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. வெயிலில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிப் போயிடுது. தூசி படிந்தால் பலன் குறையும், மழையில் கரையும். இந்தப் பங்குனியில் மறுபடி அடிக்கணும். பாட்டி இப்பவே ஞாபகப்படுத்திட்டாங்க.